ராஜகுமாரியின் பதினைந்து விநாடி

ராஜகுமாரிக்குத் தன்னைப் பற்றிப் பேச வராது. அவள் செய்த கருவியைப் பற்றிக் கேட்டால் சாயங்காலம்வரை பேசுவாள். "நீ யாரும்மா?" என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வாள். அப்படிப்பட்ட பெண்ணைப் பிடித்து மேடையேற்றி, பதினைந்து விநாடிக்குள் உன்னை நம்பவை என்று சொல்வதுதான் நான் வேலை பார்க்கும் இடத்தின் தொழில்.

குன்னூரில் உள்ள ஒரு ஸ்டார்ட்அப் மையத்தில் நான் ஆபீஸ் மேனேஜர். பட்டம் பெரிதே தவிர வேலை சின்னதுதான். ஹால் பிடிப்பது, புரொஜக்டருக்கு வயர் தேடுவது, வருகிறவர்களுக்குச் சாப்பாடு சொல்வது. ஒத்திகை நாட்களில் கூடுதலாக ஒரு வேலை உண்டு. பேசுகிறவர்கள் எதிரே ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து, பதினைந்து விநாடி ஆனதும் மேஜை மணியைத் தட்ட வேண்டும். எத்தனையோ பேரின் வாழ்க்கையை நடுவில் தட்டி நிறுத்தியிருக்கிறேன். பாவம், சிலர் அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிடும்.

ராஜகுமாரி பிறந்தது அரவேணு பக்கம் ஒரு எஸ்டேட்டில். எஸ்டேட் பெயர் இங்கே வேண்டாம். அப்பா செல்லையாவும் அம்மா அன்னக்கிளியும் சிறுவயதிலேயே இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவர்கள். அங்கே பெற்றோர் கொழுந்து பறித்தார்கள், இங்கே இவர்களும் அதையே பறித்தார்கள். செல்லையா மகள் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே இறந்துவிட்டார். அன்னக்கிளி ஒற்றைச் சம்பளத்தில் மகளை ஊட்டியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படிக்கவைத்தாள். படித்து முடித்தவள் கோயமுத்தூரில் கண்காணிப்பு கேமரா மாட்டும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். நான்கு வருஷத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு மலைக்கே திரும்பினாள். ஏன் திரும்பினாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

வந்தவள் ஒரு கருவி செய்தாள். தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் கம்பம் நட்டு அதில் மாட்டுவது. காட்டெருமை வந்தால் உடல் சூட்டையும் உருவத்தையும் வைத்து அடையாளம் கண்டு, கீழே இலை எடுக்கிறவர்கள் பக்கத்தில் உள்ள சைரனை அலறவைக்கும். பள்ளத்தில் போன் சிக்னல் கிடைக்காது என்பதால் செய்தி ரேடியோ அலையில் போகும். மாட்டையும் காட்டெருமையையும் பிரித்தறிய அதற்குக் கற்றுக்கொடுக்கவே அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. தேயிலைச் செடி இடுப்பளவு. அதற்குள் படுத்திருக்கும் காட்டெருமை எழுந்து நிற்கும்வரை ஆளுக்குத் தெரியாது. இங்கே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பணம் போடுகிறவர்கள் இங்கே இருப்பவர்கள் இல்லையே.

அவர்களுக்கு எதிரே பேசிக் காட்டத்தான் டெமோ டே. மூன்று நிமிஷப் பேச்சு. அதில் முதல் பதினைந்து விநாடி 'நான் யார்'. பேசுகிறவர்களைத் தயார்செய்யும் எங்கள் மென்டர் கீர்த்திவாசன் கோயமுத்தூர்க்காரர், ஒரு கம்பெனி நடத்தி விற்றவர். எல்லாரிடமும் அவர் சொல்வது ஒன்றுதான். "படிப்பு, பட்டம், பரிசு எதும் வேண்டாமுங்க. இந்தப் பிரச்சினைய ஏன் நீங்க தீர்க்கோணும், வேற ஒருத்தர் ஏன் கூடாது? அத மட்டும் சொல்லுங்க. பதினஞ்சு செகண்ட்ல நம்பலீன்னா மீதி நேரம் அவங்க போனைத்தான் பாப்பாங்க." சொல்வது சரிதான். நானே பார்த்திருக்கிறேன்.

முதல் ஒத்திகையில் ராஜகுமாரி தன் டிப்ளமாவைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்தேன். இரண்டாவதில் கேமராவின் மாடல் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கீர்த்திவாசன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் உடும்மா. உனக்கு எதுக்கு இந்த வேலை? கோயமுத்தூர்லயே நல்லாத்தான இருந்த?"

அவள் கீழே பார்த்துக்கொண்டு, "எங்கம்மாவக் காட்டெரும குத்திருச்சு சார்" என்றாள்.

 கீர்த்திவாசன் மெல்ல எழுந்தார். "இத்தன நாளா இத எங்கம்மா வெச்சிருந்த?"

அவள் உடனே பின்வாங்கினாள். அது வேண்டாம் சார், அம்மாவுக்குப் பிடிக்காது, வேறு ஏதாவது சொல்லலாம் என்றாள். அவர் விடுவாரா? தங்கம் கிடைத்த இடத்தில் வேலி போடுகிறவர் அவர். அன்றே உட்கார்ந்து எழுதினார், வெட்டினார், அவளைச் சொல்லவைத்தார். கடைசியில் நின்றது இது:

"வணக்கம். நான் ராஜகுமாரி. நாலு வருஷம் முன்னாடி, தேயிலை எடுத்துக்கிட்டிருந்த எங்கம்மாவைக் காட்டெருமை குத்தித் தூக்கிப் போட்டது. அதோ, அங்க உக்காந்திருக்காங்க. இன்னொரு அம்மாவுக்கு இது நடக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்தக் கருவி."

மணிக்கு ஒரு விநாடி மிச்சம். 'அதோ' என்னும்போது கை நீள வேண்டும், மூன்றாவது வரிசையில் அன்னக்கிளி உட்கார்ந்திருக்க வேண்டும், எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டும். முதல் ஸ்லைடில் கூடையோடு அம்மாவின் படம். மகளுக்காக அன்னக்கிளியும் வந்து உட்காரச் சம்மதித்தாள். ராஜகுமாரி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வீடியோ எடுக்கக் கூடாது, பேப்பரில் வரக் கூடாது. வெட்கம் என்று நினைத்துக்கொண்டு கீர்த்திவாசன் ஒப்புக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டெமோ டே அன்று குன்னூரில் ஒரு ஹோட்டல் ஹால். முந்தின நாளிலிருந்தே மழை. மலைப்பாதையில் பர்லியாருக்கு மேலே மண் சரிந்து, சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த நடுவர் ஒருவர் மேட்டுப்பாளையத்திலேயே மாட்டிக்கொண்டார். இங்கே இது புதிதா என்ன? உள்ளூரிலேயே ஒருவரைப் பிடியுங்கள் என்று கீர்த்திவாசன் பரபரத்தார். தேயிலைக்காரர் ஒருவர் இருந்தால் மேடைக்கு எடுப்பாக இருக்கும் என்று யாரோ சொல்ல, அரைமணி நேரத்தில் ஒரு எஸ்டேட் மேனேஜர் வந்து இறங்கினார். லூயிஸ் என்று பெயர். கம்பளிக் கோட்டு, நல்ல சிரிப்பு. எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்தது.

நான் வாசலில் டீ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது ராஜகுமாரி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். 

"அண்ணே, அது எங்க தொரை."

"யாரு?"

"நடுவுல உக்காந்திருக்காரே. லூயிஸ் தொரை. எங்க எஸ்டேட் மேனேஜர்."

"நல்லதுதானுங்க. தெரிஞ்ச மனுசன்."

அவள் என்னைப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு அழைத்துப் போய்ச் சொன்னாள். நான்கு வருஷத்துக்கு முன் அன்னக்கிளி காய்ச்சல் என்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி லீவில் இருந்தாள். நல்ல கொழுந்து சீசன். பக்கத்தில் சிறு விவசாயி ஒருவருக்கு இலை முற்றிக்கொண்டிருந்தது, ஆள் கிடைக்கவில்லை. காய்ச்சல் இறங்கியதும் அன்னக்கிளி அங்கே பறிக்கப் போனாள். எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்கள் பலரும் செய்வதுதான். ஒரு எஸ்டேட்டில் லீவு போட்டுவிட்டு இன்னொருவர் தோட்டத்தில் இலை எடுப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அங்கேதான் காட்டெருமை குத்தியது. தோட்டக்காரர் யாருக்கும் தெரியாமல் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எஸ்டேட்டில், குடியிருக்கும் லயத்து வீட்டுப் படியில் விழுந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். வனத்துறையிடம் நிவாரணம்கூடக் கேட்க முடியவில்லை.

"இன்னும் ரெண்டு வருசத்துல ரிட்டயர் ஆவுறாங்கண்ணே. இப்ப தெரிஞ்சா வேலையும் போயிரும், வர வேண்டியதும் போயிரும். எஸ்டேட் குடுத்த ஊட்டையும் காலி பண்ணச் சொல்லிருவாங்க. எங்களுக்கு வேற ஊடு கெடையாது."

"கீர்த்திவாசன் சார்ட்டச் சொல்லீரலாமா?"

"அவருக்குத் தெரிஞ்சா அதையும் ஒரு மேடைப் பேச்சு ஆக்கிருவாரு."

அந்தக் கவலை நியாயமானது. நான் ஹாலுக்குள் எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அன்னக்கிளி நீலப் பட்டுப்புடவையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளும் துரையைப் பார்த்துவிட்டாள். எழுந்து வெளியே வரலாமென்றால் இடுப்பு அடிபட்டதிலிருந்து ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். அந்த நடை எல்லார் கண்ணிலும் படும். துரை திரும்பிப் பார்த்து, "என்ன அன்னக்கிளி, நீயும் வந்திருக்கியா?" என்றார். அவள் கும்பிட்டாள். இனி வெளியேறவும் வழியில்லை.

என்னால் முடிந்தது ஒன்றுதான். லேப்டாப்பில் ஸ்லைடு போடும் எங்கள் ஆபீஸ் பெண் ஸ்டெபியிடம் போய், ராஜகுமாரியின் முதல் ஸ்லைடை எடுத்துவிடச் சொன்னேன். "சார் திட்டுவாரே" என்றாள். "நான் சொன்னேன்னு சொல்லும்மா" என்றேன். அவள் எடுத்துவிட்டாள்.

ராஜகுமாரியின் முறை வந்தது. மேடைக்கு எதிரே திரையில் நேரம் ஓடத் தொடங்கியது. அவள் மைக்கைப் பிடித்தாள். முதல் மூன்று விநாடி மைக்கைச் சரிசெய்வதிலேயே போனது. 

"வணக்கம். நான் ராஜகுமாரி. கேமரா மெக்கானிக்கா இருந்தேன். இப்ப காட்டெருமை வந்தா முன்னாடியே சொல்ற கருவி செஞ்சிருக்கேன். அரவேணு பக்கம் ஆறு சின்னத் தோட்டத்துல ஓடுது. மாட்டினதுக்கப்புறம் அங்க யாருக்கும் அடிபடல."

கீர்த்திவாசன் பக்கவாட்டிலிருந்து மூன்றாவது வரிசையை நோக்கிக் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பதினைந்து விநாடி முடிந்தது. எனக்கென்னவோ அந்தப் பேச்சில் குறை தெரியவில்லை. ஆனால் நடுவர்களில் ஒருவர் போனை எடுத்துவிட்டார்.

பேச்சு முடிந்து கேள்வி நேரம். முதலீட்டாளர் சுவாதி என்ற பெண், மரியாதையாகத்தான் கேட்டார். "நல்லாப் பண்ணியிருக்கீங்க. ஆனா கேமரா மாட்டத் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க. இந்தப் பிரச்சினையோட உங்களுக்கு என்ன சம்பந்தம்? ஏன் நீங்க?"

வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த பதில் அவள் வாய்க்குள்ளேயே இருந்தது. அதைச் சொன்னால் அம்மாவின் வேலை போகும். சொல்லாவிட்டால் இத்தனை வருஷ உழைப்பு போகும்.  நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் ஓடியிருப்பேன்.

லூயிஸ் முந்திக்கொண்டார். உதவி செய்வதாகத்தான் அவர் நினைப்பு.

"மேடம், இந்தப் பொண்ண எனக்குத் தெரியும். எங்க எஸ்டேட் லைன்லதான் பொறந்து வளர்ந்தா. அவ அம்மா எங்க தொழிலாளி. அன்னக்கிளி, எந்திரி."

அன்னக்கிளி எழுந்தாள். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கீர்த்திவாசன் விரும்பியபடியே நடந்தது.

"ஆனா ஒண்ணு சொல்லணும்" என்றார் லூயிஸ். "சுத்துப்பட்டு எல்லாத் தோட்டத்துலயும் அடிபட்டிருக்கு. எங்க எஸ்டேட்ல பத்து வருஷமா ஒரு ஆள் மேல கொம்பு பட்டதில்ல. அந்தளவுக்குக் கட்டுப்பாடா வச்சிருக்கோம். என்ன அன்னக்கிளி, பட்டிருக்கா?"

"இல்லீங்க தொரை."

"காலு என்னாச்சு, சாஞ்சு நிக்கிறே?"

"லயத்துப் படியில விழுந்ததுங்க. ஒங்களுக்குத்தான் தெரியுமே."

"ஆமா, ஆமா. படியச் சரிபண்ணச் சொல்லியிருந்தேன்." அவர் சுவாதி பக்கம் திரும்பினார். "விபத்து நடந்தப்புறம் முழிக்கிறவன் இல்ல நான். இந்தக் கருவிய எங்க எஸ்டேட்ல மாட்டிக்கிறேன். இங்கயே சொல்றேன்."

கைதட்டல். மேடையிலேயே ஒரு எஸ்டேட் வாடிக்கையாளராக வருவது எந்த டிப்ளமாவையும்விடப் பெரிய சாட்சி. போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கூட அதைக் கீழே வைத்தார். அன்னக்கிளி உட்கார்ந்தாள். ராஜகுமாரி மைக்கைப் பிடித்தபடி சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்?

பெங்களூரில் நடக்கும் இறுதிச் சுற்றுக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் அவள் முதல்.

ஹால் காலியானதும் கீர்த்திவாசன் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவளைத் தனியாக அழைத்து, தோளில் தட்டினார். நான் நாற்காலி அடுக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

"காட்டெரும குத்துச்சுன்னு எங்கிட்டச் சொன்னயே, அது கட்டுக்கதையா?"

அவள் அவரைப் பார்த்தாள். ஆமென்றால் இவள் பொய்க்காரி. இல்லையென்றால் அம்மா பொய்க்காரி, அதுவும் துரையிடமே பொய் சொன்னவள். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்க எனக்கு என்ன உரிமை?

"ஆமாங்க சார்" என்றாள்.

"தப்பில்லீம்மா. எல்லாருமே கொஞ்சம் சேத்துத்தான் சொல்றாங்க. ஆனா மாட்டிக்காத மாதிரி சொல்லோணும். இன்னைக்கு நீயா மாத்திக்கிட்ட பாரு, அதுதான் சாமர்த்தியம்." அவர் உண்மையிலேயே அவளைப் பாராட்டினார். "லூயிஸ் சார் சொன்னதுதான் இனிமே உன்ற பதினஞ்சு செகண்ட். பெங்களூருக்கு அவரும் வர்றேன்னுட்டாரு. முன்வரிசைல உக்காருவாரு."

அங்கேயே நின்று போனில் தட்டி அவளுக்கு அனுப்பினார். 'நான் ராஜகுமாரி. பத்து வருஷமாக ஒருவருக்கும் காட்டெருமையால் அடிபடாத எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பாதுகாப்பை எல்லாத் தோட்டங்களுக்கும் கொண்டுபோகத்தான் இந்தக் கருவி. என்னை நம்பும் முதல் எஸ்டேட் எங்கள் எஸ்டேட்.' நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

அம்மாவையும் மகளையும் ஆபீஸ் ஜீப்பில் நானே கொண்டுபோய் விட்டேன். மழை விட்டிருந்தது, ஆனால் பனிமூட்டம். கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ராஜகுமாரி முன்சீட்டில் இருந்தாள். அன்னக்கிளி பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். 

"நான் பெங்களூருக்குப் போகலம்மா" என்றாள் ராஜகுமாரி. "அதச் சொல்ல என்னால முடியாது."

"போகலன்னா தொரை ஏன்னு கேப்பாரு."

"கேக்கட்டும்."

"கேட்டா நீ என்ன சொல்லுவ?"

 ஜீப் ஒரு வளைவில் திரும்பியது. தேயிலைச் சரிவு மூட்டத்துக்குள் மறைந்திருந்தது. வேண்டுமென்றே வண்டியை மெதுவாக ஓட்டினேன். அந்த லயத்து வீட்டு வாசலில் அவர்களை இறக்கிவிட எனக்கு மனசு வரவில்லை.

"ஒங்க சார் ஏதோ எழுதிக் குடுத்தாராமே. எங்க, சொல்லு பாப்போம்."

"வேணாம்மா."

"சொல்லு புள்ள."

ராஜகுமாரி பின்னால் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "நான் ராஜகுமாரி. பத்து வருஷமா ஒருத்தருக்கும்" என்று தொடங்கினாள். நீட்டியிருந்த அம்மாவின் காலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

 அன்னக்கிளி மகளின் கன்னத்தைப் பிடித்து, முகத்தை மெதுவாக முன்பக்கம் திருப்பிவிட்டாள்.

"என்னயப் பாத்தா வராது. ரோட்டப் பாத்துச் சொல்லு."